மொத்த இலாப விகிதமும் மேல்வைப்பும்: ஒரே விலைக்கு இரண்டு விழுக்காடுகள் ஏன்?

கடைக்காரர் ஒருவர் ஒரு பொருளை 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் 20 ரூபாயை வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடு, விற்ற விலையோடு ஒப்பிட்டால் 20 விழுக்காடு. முதல் கணக்கை வணிகர்கள் மார்க்கப் என்றும், இரண்டாவதை கிராஸ் மார்ஜின் என்றும் அழைக்கின்றனர். இலாபத் தொகை ஒன்றுதான். அதை எதனால் வகுக்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. அந்த அடிப்படையைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்வதிலிருந்தே குழப்பங்கள் எல்லாம் தொடங்குகின்றன.

மார்ஜின் என்பது விளிம்பு, ஓரம் என்று பொருள்படும் ‘மார்கோ’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பள்ளி ஏட்டில் இடப்பக்கம் கோடு போட்டு விடும் ஓரத்துக்கும் நாம் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். வணிகத்தில் அது, விற்பனைத் தொகையில் பொருளின் விலை போக எஞ்சும் இடைவெளியைக் குறிக்கிறது. எஞ்சுவது விற்பனைத் தொகையின் ஒரு பகுதியே என்பதால், அதன் விழுக்காட்டையும் விற்பனையை வைத்தே கணக்கிடுவர். மார்க்கப் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: வாங்கிய விலையில் தொடங்கி, மேலே ஒரு தொகையை ஏற்றிப் பொருளின் மீது விலை குறிப்பது. ஆகவே அதன் அடிப்படை அடக்க விலை. எனினும் அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் மார்க்கப்பையும் விற்பனை விலையின் மீதே கணக்கிடும் வழக்கம் உண்டு. அயல்நாட்டுப் பாடநூலைப் படிப்போர் சொல்லை மட்டும் நம்பாமல் சூத்திரத்தையும் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் இவற்றுக்கு இணைச்சொற்கள் பள்ளிப் பாடங்களிலேயே கிடைக்கின்றன. ஆனால் அவை இரண்டு வேறு பாடங்களில் பிரிந்து கிடக்கின்றன. கணிதப் பாடத்தில் அடக்க விலை, விற்ற விலை, குறித்த விலை ஆகியவற்றைக் கற்கும் மாணவர், இலாப விழுக்காட்டை அடக்க விலையின் மீது கணக்கிடுகிறார்; அதுவே மார்க்கப். அதே மாணவர் மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கும்போது, மொத்த இலாப விகிதம் என்ற பெயரில் இலாபத்தை விற்பனையின் மீது கணக்கிடுகிறார்; அது கிராஸ் மார்ஜின். இவ்விரண்டும் ஒரே இலாபத்தின் இரு அளவுகள் என்பதை ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துச் சொல்லித் தருவது நல்லது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மொத்த இலாபம் என்ற தொடரில் உள்ள ‘மொத்த’ என்பதை மொத்த வியாபாரத்தோடு சேர்த்துப் பொருள் கொள்ளலாகாது. வாடகை, சம்பளம், மின்கட்டணம் முதலியவற்றைக் கழிப்பதற்கு முன் உள்ள இலாபம் என்பதே அதன் பொருள். மார்க்கப்புக்கு விலையேற்றம் என்று எழுதினால் அது விலைவாசி உயர்வாகப் படும். அடக்கத்துக்கு மேல் இவ்வளவு வைத்து விற்கிறோம் என்பது கடைத்தெருப் பேச்சு. அதை ஒட்டி மேல்வைப்பு என்றே இங்கு எழுதுகிறேன். விரிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அடக்க விலை மீதான இலாப விழுக்காடு’ என்பது ஐயத்துக்கு இடம் தராது.

ஒன்றிலிருந்து மற்றதைக் காண, பின்னங்களில் எண்ணிப் பார்ப்பதே எளிய வழி. அடக்க விலையில் கால் பங்கை மேலே வைத்தால், விற்பனை விலை அத்தகைய ஐந்து கால் பங்குகளைக் கொண்டதாகிறது. எனவே இலாபம் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு. அடக்கத்தில் மூன்றில் ஒன்று என்றால் விற்பனையில் நான்கில் ஒன்று. அடக்கம் முழுவதையும் மேலே வைத்தால் விற்பனையில் பாதி. இலாபம் உள்ளவரை மேல்வைப்பின் எண் எப்போதும் மற்றதை விடப் பெரியதாகவே இருக்கும். மேலும், மேல்வைப்பு 100 விழுக்காட்டைத் தாண்டி எவ்வளவும் செல்லலாம். விலை கொடுத்து வாங்கிய பொருளில் மொத்த இலாப விகிதம் 100-ஐத் தொடவே முடியாது.

தவறு நேரும் இடம் பெரும்பாலும் விலை குறிக்கும் மேசைதான். ‘நமக்கு 25 விழுக்காடு மார்ஜின் வேண்டும்’ என்று முதலாளி சொல்ல, ஊழியர் அடக்க விலையோடு 25 விழுக்காட்டைக் கூட்டி 80 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் குறிக்கிறார். முதலாளி சொன்னது விற்பனை மீதான கணக்கு என்றால், 80-ஐ 0.75-ஆல் வகுத்து 106 ரூபாய் 67 காசு குறித்திருக்க வேண்டும். அடக்க விலை B2 கட்டத்தில் இருந்தால், விரிதாளில் இரண்டு சூத்திரங்களும் இவ்வாறு அமையும்:

```
=B2*1.25
=B2/0.75
```

முதலாவது மேல்வைப்பு 25. இரண்டாவது மொத்த இலாப விகிதம் 25. ஒரு பொருளில் ஆறேழு ரூபாய் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மாதம் 10 இலட்சம் ரூபாய்க்கு விற்கும் கடையில் 2,50,000 ரூபாயை எதிர்பார்த்த இடத்தில் 2,00,000 ரூபாய்தான் வரும். வாடகையும் சம்பளமும் சேர்ந்து 2,20,000 ரூபாய் என்றால், இலாபம் என்று நம்பிய மாதம் 20,000 ரூபாய் இழப்பில் முடிகிறது. கணக்குப் புத்தகத்தில் இலாப விகிதம் மாதந்தோறும் 20-லேயே நின்று, விலைப் பட்டியல் மட்டும் 25 என்று காட்டினால், சரக்கு களவு போகிறதா என்று ஐயுறுவதற்கு முன் இந்தச் சூத்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். களவும் சேதமும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். சூத்திரப் பிழை அசையாமல் நிற்கும்.

தள்ளுபடியில் இதே பிழை இன்னும் கூர்மையாகிறது. 25 விழுக்காடு மேலே வைத்தவர் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் 5 விழுக்காடு மிஞ்சும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தள்ளுபடி குறித்த விலையான 100-இன் மீது கழிகிறது. விற்பது 80-க்கு, மிஞ்சுவது ஒன்றுமில்லை.

சொல் ஒன்றாகவும் கணக்கு வேறாகவும் இருப்பதற்கு இந்திய அரசின் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை நல்ல சான்று. பட்டியலிடப்பட்ட மருந்துகளுக்கான உச்சவரம்பு விலையில் சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு மார்ஜின் அனுமதிக்கப்படுகிறது. ஆயினும் சூத்திரம் இதுதான்:

```
P(c) = P(s) × (1 + M/100)
```

இதில் P(s) என்பது சில்லறை வணிகருக்கான சராசரி விலை. M-இன் மதிப்பு 16. சராசரி 100 ரூபாய் என்றால், வரி சேராத உச்சவரம்பு 116 ரூபாய். பெயர் மார்ஜின் என்றாலும் இது மேல்வைப்பு. விற்பனை மீது கணக்கிட்டால் 16-ஐ 116-ஆல் வகுக்க 13.79 விழுக்காடுதான் வரும். அதுவும், கடைக்காரர் அந்தச் சராசரி விலைக்கே வாங்கி உச்சவரம்பிலேயே விற்றால்தான். அவர் உண்மையில் வாங்கிய விலை கூடினாலோ குறைந்தாலோ இவ்விகிதமும் மாறும்.

2021 ஜூன் மாதம் ஆக்சிஜன் செறிவூட்டிகளுக்கு விநியோகஸ்தர் விலையின் மீது 70 விழுக்காடு என்று மார்ஜினுக்கு வரம்பு வைக்கப்பட்டது. அதற்கு முன் அது 198 விழுக்காடு வரை இருந்ததாக அரசு தெரிவித்தது. 198 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே அது விற்பனை மீதான கணக்கு அன்று என்பது தெளிவு. விற்பனை மீது கணக்கிட்டால் அந்த 198 ஏறத்தாழ 66 விழுக்காடு. அப்போது வைத்த வரம்பான 70, ஏறத்தாழ 41 விழுக்காடு.