தார் சுற்றும் மோட்டாரின் வேகத்தைப் பிடித்து வைத்தல்

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் ஊடை நூலைச் சுற்றிவைக்கும் குச்சியான தார் சுற்றும்போது மோட்டாரின் வேகம் ஏறி இறங்கினால் நூலின் இழுவிசையும் ஏறி இறங்கும்; நூல் அறுந்துபோகும். அதைத் தடுக்க ஒரு சிறு டிசி மோட்டாரில் பி.ஐ.டி. கட்டுப்பாட்டை அமைத்துப் பார்த்தேன். வேண்டிய வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசமே பிழை; அதைப் பார்த்து விகிதம், தொகையீடு, வகையீடு என்ற மூன்று பகுதிகளால் மின்னழுத்தத்தைத் திருத்துவதே இந்தக் கட்டுப்பாடு. முழு மின்னழுத்தம் கொடுத்தால் அது நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும், அதாவது ஒரு சதவீத மின்னழுத்தத்துக்கு 30 சுற்று. எனக்கு வேண்டியது 1500.

மோட்டார் தண்டில் பொருத்திய, சுழற்சியை மின்துடிப்புகளாக மாற்றும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 600 துடிப்புகள் தருகிறது. 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை அவற்றை எண்ணினால் 1500 சுற்று வேகத்தில் 150 துடிப்புகள் கிடைக்கும்.

முதலில், பிழையை ஓர் எண்ணால் பெருக்கி மின்னழுத்தம் தரும் விகிதப் பகுதியை மட்டும் வைத்து, ஒரு சுற்றுப் பிழைக்கு 0.1 சதவீதம் மின்னழுத்தம் என்று கொடுத்தேன். மோட்டாரின் வேகம் 1125 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. காரணம் எளியது: அங்கே பிழை 375, அது தரும் மின்னழுத்தம் 37.5 சதவீதம், அது ஓட்டக்கூடிய வேகம் 1125. பெருக்கு எண்ணை 0.3 ஆக்கினால் 1350 வரை வரும். ஆனாலும் பிழை இல்லாவிட்டால் மின்னழுத்தமும் இல்லை என்பதால் விகிதப் பகுதியால் மட்டும் இலக்கைத் தொடவே முடியாது. எண்ணை 0.6 வரை ஏற்றியபோது மோட்டார் ரீங்காரமிட்டு வேகத்தின் வரைபடம் வேகமாக நடுங்கியது. பாதிக்குக் குறைத்து 0.3இலேயே நிறுத்தினேன்.

மீதிப் பிழையைத் தீர்ப்பது தொகையீட்டுப் பகுதி. அது பிழையை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போய், பிழை பூச்சியமான பின்பும் தேவையான 50 சதவீதத்தைத் தாங்கி நிற்கிறது. அதன் எண் 0.5 ஆக இருந்தபோது வேகம் ஊர்ந்து ஏறியது. 2 ஆக்கியபோது ஒரு வினாடிக்குள் இலக்கில் அமர்ந்தது. ரீங்காரத்தோடு வேகமான நடுக்கம் தெரிந்தால் விகிதம் அதிகம், இலக்கைத் தாண்டி மெதுவாக ஊசலாடினால் தொகையீடு அதிகம் என்று பிரித்தறியலாம்.

பிழை எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று பார்க்கும் வகையீட்டை நான் பூச்சியத்திலேயே விட்டேன். ஒரு துடிப்பு கூடினாலோ குறைந்தாலோ வேகம் 10 சுற்று மாறியதாக என்கோடர் காட்டும். அது ஒரு வினாடிக்கு 1000 சுற்று என்ற மாற்றமாக வகையீட்டுக்குத் தெரியும். வேகம் மாறாதபோதும் மின்னழுத்தம் துடிக்கும். தண்டை ஒரு கோணத்தில் நிறுத்தும் வேலையில் வகையீடு நன்கு பயன்படும், இங்கே இல்லை.

கவனிக்கவேண்டிய ஆபத்து தொகையீட்டில்தான் இருக்கிறது. நூல் சிக்கி மோட்டார் 2 வினாடி நின்றால், 1500 பிழையும் 2 என்ற எண்ணும் சேர்ந்து 6000 சதவீதத்தைக் குவித்துவிடும். சிக்கு விடுபட்டதும் அந்தக் குவியல் கரையும்வரை, ஏறத்தாழ இன்னொரு 2 வினாடிக்கு, மோட்டார் முழு வேகத்தில் பாயும், நூல் அறும். ஆகவே தொகையை 0க்கும் 100க்கும் இடையில் அடைத்து வைக்கவேண்டும். அந்த எல்லைக்குப் பின் சிக்கு நீங்கியதும் மோட்டார் சிறிதளவு மட்டுமே தாண்டிவிட்டு 1500க்குத் திரும்பியது.