எம்.ஏ. தமிழ் ஃபைனல் இயர்ல நெட் எழுதப் போறீங்களா? பேப்பர் ஒன் கணக்கை முதல்ல பாருங்க

யுஜிசி நெட் எழுதணும்னு முடிவு பண்ணதும் தமிழ் படிக்கிறவங்க பண்ற முதல் வேலை தொல்காப்பியத்தை எடுத்து வச்சுக்கிறது, சங்க இலக்கியத்துக்கு நோட்ஸ் தேடுறது. பேப்பர் ஒன்னை "அது பொது அறிவு தானே, கடைசி மாசம் பாத்துக்கலாம்"னு ஒதுக்கிடுவாங்க. ரிசல்ட் வந்ததும் நாலு மார்க்ல போச்சு, எட்டு மார்க்ல போச்சுன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான். அதனால இந்தத் தேர்வு எப்படி மார்க் போட்டு எப்படி ஆளை எடுக்குதுங்கறதை வச்சே எப்படித் திட்டம் போடுறதுன்னு எழுதுறேன். எம்.ஏ. தமிழை உதாரணமா எடுத்துக்கிறேன், மத்த பாடத்துக்காரங்க பாடப் பேரை மட்டும் மாத்திப் படிச்சுக்கோங்க.

அடிப்படை இதுதான். நேஷனல் டெஸ்டிங் ஏஜென்சி, அதாவது என்டிஏ, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன் சீசன், டிசம்பர் சீசன்னு நடத்துது, கம்ப்யூட்டர்ல தான் எழுதணும். எல்லாருக்கும் பொதுவான பேப்பர் ஒன்ல 50 கேள்வி 100 மார்க், உங்க பாடமான பேப்பர் டூல 100 கேள்வி 200 மார்க், ரெண்டும் சேர்த்து ஒரே உக்காரல்ல 3 மணி நேரம், நடுவுல பிரேக் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் 2 மார்க், தப்புக்கு மைனஸ் இல்ல. மைனஸ் இல்லைன்னா ஒரு கேள்வியைக் கூட காலியா விட்டுட்டு வரக் கூடாதுன்னு அர்த்தம், ஆனாலும் நேரம் பத்தாம பத்துப் பதினஞ்சு கேள்வியை அப்படியே விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க.

யாரு எழுதலாம்னா பிஜில 55 சதவீதம் வேணும், ஓபிசி நான் கிரீமி லேயர், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், திருநர்களுக்கு 50. 54.9 இருந்தா அதை 55 ஆ ரவுண்ட் பண்ண மாட்டாங்க. ஃபைனல் இயர் படிக்கிறவங்களும் எழுதலாம், ஆனா நெட் ரிசல்ட் வந்த தேதியில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள பிஜியை அந்த சதவீதத்தோட முடிச்சிருக்கணும், இல்லைன்னா பாஸ் ஆனது செல்லாமப் போயிடும். அரியர் வச்சிருக்கவங்க இதை மனசுல வச்சுக்கோங்க. அசிஸ்டண்ட் புரொஃபசர் தகுதிக்கு வயசு வரம்பே இல்ல. ஆராய்ச்சி பண்ண மாசாமாசம் பணம் தர்ற ஜேஆர்எஃப்புக்கு 30, பெண்களுக்கும் மேல சொன்ன பிரிவுகளுக்கும் 5 வருஷம் வரை தளர்வு உண்டு. ஜேஆர்எஃப் வேணும்னா அப்ளிகேஷன்லயே அதைத் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் மாத்திக் கேட்டா ஆகாது. 2023 ஜனவரி 1ல இருந்து மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதுக்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. அதனால வயசு இருக்கிறவங்க "வாத்தியார் வேலைக்குத் தகுதி போதும்"னு அந்த பாக்ஸை விட்டுட்டுப் போக எந்தக் காரணமும் இல்ல.

சர்டிபிகேட் விஷயத்துல நம்ம ஊர் ஆளுங்க மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. கையில இருக்கிற பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை வச்சு ஓபிசின்னு போட்டுடுவாங்க. நெட் மத்திய அரசுத் தேர்வு, உங்க சாதி மத்திய ஓபிசி பட்டியல்ல இருக்கணும், அதுக்கு மேல நான் கிரீமி லேயர் சான்றிதழ் தனியா வாங்கியிருக்கணும். தாலுகா ஆபீஸ்ல கையெழுத்தாகி வர நாள் ஆகும், அப்ளிகேஷன் ஓப்பன் ஆன அப்புறம் ஓடாம இப்பவே போட்டு வச்சிடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ரெண்டு பேப்பரும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், மேல 50 சதவீதம் சொன்ன பிரிவுகளுக்கு 35 எடுத்தா போதும்னு எல்லாரும் சொல்வாங்க. அது பாஸ் மார்க் இல்ல, உள்ள நுழையுற கேட் மட்டும்தான். ரெண்டு பேப்பரும் எழுதினவங்க மொத்த எண்ணிக்கையில 6 சதவீதம் பேரைத்தான் அசிஸ்டண்ட் புரொஃபசர் தகுதிக்கு எடுப்பாங்க. அந்த இடங்களை முதல்ல இடஒதுக்கீட்டுப்படி பிரிவு வாரியா பிரிப்பாங்க, அப்புறம் பாட வாரியா. பாடத்துக்கு எப்படிப் பிரிக்கிறாங்கன்னா, சும்மா கணக்குக்கு வச்சுக்கோங்க, ஓபிசில எல்லாப் பாடமும் சேர்த்து ஒரு லட்சம் பேர் அந்த 35 சதவீதத்தைத் தாண்டுறாங்க, அதுல தமிழ் எழுதினவங்க 2,000 பேர்னா, ஓபிசிக்கு உள்ள இடங்கள்ல 2 சதவீதம் தமிழுக்கு வரும். அந்த இடத்துக்கு மேல இருந்து மார்க் வரிசையில எடுத்துட்டு வருவாங்க, கடைசி ஆளோட மார்க் தான் கட் ஆஃப். ஜேஆர்எஃப்புக்கு தனி கட் ஆஃப், அது இன்னும் மேல இருக்கும்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியணும். உங்களுக்குப் போட்டி காமர்ஸ்காரங்களோ இங்கிலீஷ்காரங்களோ இல்ல, உங்க பாடத்துல உங்க பிரிவுல எழுதுறவங்க மட்டும்தான். அப்புறம் ரெண்டு பேப்பர் மார்க்கும் கூட்டித்தான் பாக்குறாங்க, பேப்பர் ஒன்னுக்குன்னு தனி கட் ஆஃப் இல்ல, அதனால எந்தப் பேப்பர்ல எடுத்த 2 மார்க்கும் ஒரே 2 மார்க் தான். தமிழ் எழுதுற எல்லாரும் பேப்பர் டூவை நல்லாவே படிச்சுட்டு வருவாங்க, அங்க வித்தியாசம் காட்டுறது கஷ்டம். பேப்பர் டூ தமிழ்லயே வரும், ஆனா பேப்பர் ஒன் இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுல மட்டும்தான். தமிழ் மீடியத்துல வந்தவங்க பெரும்பாலும் சறுக்குறது அங்கதான், அப்ப முந்திப் போற இடமும் அதுதான்.

ஒரு மாணவியோட மாதிரித் தேர்வை எடுத்துப் பாப்போம், கணக்குக்காக நானே வச்ச எண்கள் தான். பேப்பர் டூல 68 சரி, 136 மார்க். பேப்பர் ஒன்ல 24 சரி, 48 மார்க். மொத்தம் 184. அவங்க பிரிவுக்குப் போன தடவை கட் ஆஃப் 196னு வச்சுக்குவோம், 12 மார்க் குறைவு, அதாவது ஆறு கேள்வி. இந்த ஆறை பேப்பர் டூல எடுக்கணும்னா 68ஐ 74 ஆக்கணும், அதுக்கு எந்த நூல்ல இருந்து எந்தக் கேள்வி வரும்னு தெரியாம கடல் மாதிரி படிச்சுக்கிட்டே இருக்கணும். பேப்பர் ஒன்ல 10 யூனிட், ஒவ்வொண்ணுலயும் 5 கேள்வி. அதுல காம்ப்ரிஹென்ஷன், கணக்கு, லாஜிக், டேட்டா இன்டர்பிரிடேஷன் இந்த நாலும் சேர்ந்து 20 கேள்வி, பயிற்சியால மட்டுமே ஏறக்கூடியது. அவங்க அதுல எடுத்தது 3, 2, 2, 1, மொத்தம் 8. மீதி ஆறு யூனிட்ல 30க்கு 16. இந்த 8ஐ 14 ஆக்கினாலே கட் ஆஃப் வந்துடும். ஆனா கட் ஆஃப் ஒவ்வொரு சீசனும் ஏறி இறங்கும், அதனால 14ல நிக்காம 16ம், மீதி 30ல 18ம் குறி வைக்கணும். அப்ப பேப்பர் ஒன்ல 34 சரி, 68 மார்க், மொத்தம் 204, கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

டேட்டா இன்டர்பிரிடேஷன்ல ஒரு டேபிள் குடுத்து அதுலயே 5 கேள்வியும் வரும், கால்குலேட்டர் கிடையாது. ஒரு வருஷம் 80 பேர், அடுத்த வருஷம் 100 பேர், எத்தனை சதவீதம் கூடுச்சுன்னா 20ஐ 80ஆல வகுக்கணும், 25 சதவீதம். 100ஆல வகுத்து 20ன்னு போடுறவங்களுக்காகவே அந்த 20ம் ஆப்ஷன்ல இருக்கும். லாஜிக்ல "எல்லா மாணவர்களும் நேர்மையானவர்கள்" இது பொய்னு குடுத்தா, உறுதியா உண்மை எதுன்னு கேப்பான். "எந்த மாணவரும் நேர்மையானவர் இல்லை"ன்னு போடத் தோணும், அது தப்பு. "சில மாணவர்கள் நேர்மையானவர்கள் இல்லை" இது ஒண்ணுதான் நிச்சயம், மத்ததைச் சொல்ல முடியாது. இதெல்லாம் விதி பத்தே நிமிஷத்துல புரியும், ஆனா தினம் போட்டுப் பாக்கலன்னா பரீட்சை ஹால்ல வராது.

லாஜிக்லயே இந்தியத் தர்க்கம்னு ஒரு பகுதி இருக்கு, பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தின்னு. மத்த பாடத்துக்காரங்க இதைப் புதுசா மனப்பாடம் பண்றாங்க, நீங்க மணிமேகலையில சமயக்கணக்கர் பகுதியில காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தின்னு ஏற்கனவே படிச்சது தான். தேவதத்தன் பகல்ல சாப்பிடவே மாட்டான் ஆனாலும் குண்டா இருக்கான், அப்ப ராத்திரி சாப்பிடுறான்னு எடுத்துக்கிறது அர்த்தாபத்தி. தமிழ் படிச்சவங்களுக்கு சும்மா கிடைக்கிற மார்க் இது, விட்டுடாதீங்க.

ஜூன் சீசனுக்கு ஜனவரில ஆரம்பிச்சா வசதியா இருக்கும். முதல் மூணு மாசம் காலையில ஒரு மணி நேரம் மேல சொன்ன நாலு யூனிட் மட்டும், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பேப்பர் டூ. பேப்பர் டூவுக்கு செமஸ்டர் பாடத்தை வச்சு ஓட்டாம என்டிஏ சிலபஸை பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, உங்க யுனிவர்சிட்டி பாடத்துல இல்லாத தலைப்பை வட்டம் போடுங்க, அந்த வட்டம் தான் முதல்ல படிக்க வேண்டியது. ஏப்ரல்ல டீச்சிங், ரிசர்ச், கம்யூனிகேஷன், ஐசிடி, சுற்றுச்சூழல், உயர்கல்வி யூனிட் எல்லாம் பாருங்க, சீக்கிரம் படிச்சா மறந்துடும், அதான் கடைசிக்கு வச்சேன். அந்த நேரம் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கிற நேரமும் வரும், அதனால மே மாசம் புதுசா எதுவும் தொடாம பழைய கேள்வித்தாளை முழு 3 மணி நேரம் உக்காந்து போடுங்க. என்டிஏவோட ugcnet.nta.ac.in தளத்துல அறிவிப்பு, கட் ஆஃப் எல்லாம் வரும், உங்க பாடம் உங்க பிரிவுக்கு கடைசி மூணு நாலு சீசன் கட் ஆஃப் எடுத்து எழுதி வச்சுக்கோங்க, மத்தவங்க சொல்ற நம்பரை நம்பாதீங்க.

நேரத்தைப் பொறுத்தவரை தமிழை முதல்ல எடுங்க, 100 கேள்விக்கு 90 நிமிஷம், அப்புறம் பேப்பர் ஒன்னுக்கு 75, மீதி 15 நிமிஷம் மார்க் பண்ணி வச்சதைத் திரும்பிப் பாக்க. ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கு அப்புறமும் தப்பான கேள்வியை மூணா பிரிங்க: தெரியாதது, தெரிஞ்சும் கேள்வியைச் சரியாப் படிக்காம விட்டது, நேரம் இல்லாம குருட்டாம்போக்குல போட்டது. ரெண்டாவது வகை அதிகமா இருந்தா இன்னும் நாலு புக் வாங்கி ஒண்ணும் ஆகாது, "சரியல்லாதது எது"ன்னு கேக்குறதையும் பொருத்துக கேள்வியையும் நிதானமாப் படிச்சுப் பழகணும். மூணாவது அதிகம்னா பெரும்பாலும் காம்ப்ரிஹென்ஷன் தான் நேரத்தைத் தின்னுருக்கும், பத்தியைப் படிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வியையும் பாத்துட்டு அப்புறம் பத்திக்குள்ள போங்க.

எழுதி முடிச்சதும் தாற்காலிக ஆன்சர் கீயும் உங்க ரெஸ்பான்ஸ் ஷீட்டும் லாகின்ல வரும், அதை உடனே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. கீ தப்புன்னு தோணினா ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபணை போடலாம், பணம் திரும்ப வராது, அதனால மூலநூல்ல அந்தப் பக்கம் கையில இருந்தா மட்டும் போடுங்க. அதுக்குக் குடுக்கிற நாள் ரொம்பக் கம்மி, அந்த வாரம் மெயிலைத் தினம் பாருங்க.