கேம் 30 ஜிபிதான், அப்டேட் எவ்வளவு இடம் கேட்கும்?

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தி. நகரிலோ ஒரு போன் கடையில் நின்று, ஒரே மாடலின் 128 ஜிபி, 256 ஜிபி இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். விளையாடும் கேம்கள் ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, எல்லாம் சேர்த்தால் எவ்வளவு, பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்குள் அது அடங்குமா. இந்தக் கணக்கில் விட்டுப்போவது அப்டேட் நடக்கும் நேரம். ஒரு பெரிய கேம் சும்மா இருக்கும்போது பிடிக்கும் இடம் வேறு, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது தற்காலிகமாகக் கேட்கும் இடம் வேறு. போன் வாங்குபவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது அளவைத்தான்.

முதல் அளவையே சரியாகத் தெரிந்துகொள்வது கொஞ்சம் சிரமம். பிளே ஸ்டோர் காட்டுவது கேமின் தொடக்கப் பகுதியை மட்டும்தான். மீதியை, அதாவது வரைபடங்கள், உருவங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும், கேமைத் திறந்த பிறகு அதுவே தன் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும். கென்ஷின் இம்பாக்ட் போன்ற திறந்த உலக கேம் இப்படித்தான் போனில் 20 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. உண்மையான அளவு வேண்டுமென்றால், இப்போது விளையாடிக்கொண்டிருக்கும் போனில் செட்டிங்ஸ் போய், அந்த கேமின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஆப் சைஸ் சிறியதாகவும், யூசர் டேட்டா பல மடங்கு பெரியதாகவும் இருக்கும். அந்த யூசர் டேட்டாவில்தான் கேமின் உடம்பே இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் கிளியர் டேட்டா பட்டனை இடம் மிச்சப்படுத்துவதற்காக அழுத்தினால் அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியதுதான். கிளியர் கேஷ் அப்படியல்ல, அதைத் தாராளமாக அழுத்தலாம்.

சரி, அப்டேட்டுக்கு வருவோம். புது கோப்புகள் இணையத்திலிருந்து சுருக்கிய வடிவில் வருகின்றன. அவை முழுதாக வந்து சேர்ந்ததும் கேம் அவற்றை விரிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் சுருக்கிய கோப்பும் விரித்த கோப்பும் போனில் ஒன்றாக இருக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் சுருக்கிய கோப்பு அழிக்கப்படும். திருத்தம் மட்டும் வரும் அப்டேட்டிலும் இதே கதைதான். 2 ஜிபி அளவுள்ள ஒரு தொகுப்புக் கோப்பில் சிறு பகுதி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்குவது 300 எம்பி திருத்தம் மட்டுமே. ஆனால் பழைய 2 ஜிபி கோப்பைப் படித்து, திருத்தத்தையும் சேர்த்து, பக்கத்தில் இன்னொரு 2 ஜிபி கோப்பை எழுதி முடித்த பிறகுதான் பழையதைத் தூக்க முடியும். நடுவில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தாலும் பழைய கோப்பு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பிளே ஸ்டோரும் இப்படித்தான், புது ஆப் தயாராகும் வரை பழைய ஆப்பை விட்டு வைக்கும்.

இதனால் பல கேம்களுக்கு, இறங்கும் அளவைப் போல இரண்டு மடங்கு காலி இடம் இருந்தால்தான் அப்டேட் நிம்மதியாக முடியும். இடம் போதுமா என்று முன்கூட்டியே பார்த்து, போதாது என்று சொல்லிவிடும் கேம்கள் நல்லவை. சில கேம்கள் அதைப் பார்க்காமல் இறக்கி முடித்து, விரிக்கும்போது பாதியில் நின்று, கோப்பு பழுது என்பது போன்ற ஒரு செய்தியைக் காட்டும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. இறக்கம் நூறு சதவீதம் போன பிறகு தவறு வருகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காலி இடத்தைத்தான்.

தாம்பரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் அக்கா மகன் புது போன் வாங்கக் கிளம்பியபோது ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தான். "சித்தி, கூட்டிப் பாத்துட்டேன், 128லயே அடங்கிடுது." அவன் எழுதியிருந்தது சரிதான். போனின் சிஸ்டம் 22 ஜிபி, ஆப்கள் 14, போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் எல்லாம் 19. மூன்று பெரிய கேம்கள் முறையே 31, 20, 11. மொத்தம் 117, மிச்சம் 11 ஜிபி. நான் அந்தக் காகிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்தேன். அந்த 31 ஜிபி கேமுக்கு 7 ஜிபி அப்டேட் வந்தால் இறங்க 7, விரிக்க 7, ஆக 14 ஜிபி வேண்டும். இருப்பது 11. சில பழைய படங்களை அழித்து ஒப்பேற்றிவிட்டாலும், அப்டேட் முடிந்ததும் கேம் சற்று பெருத்துவிடும், 3 ஜிபி கூடியது என்று வைத்தால் மிச்சம் 8 ஆகிவிடும். கென்ஷின் மாதிரி கேம்களுக்குச் சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வருகிறது. வாங்கிய சில மாதங்களிலேயே அந்த போனில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் எதையாவது அழிக்க வேண்டியிருக்கும்.

போனின் சிஸ்டம் அப்டேட்டும் இதே காலி இடத்தைத்தான் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த ஒரு முறையில், நாம் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புது சிஸ்டத்தின் மாற்றங்கள் பின்னணியில் தனியாக எழுதி வைக்கப்படுகின்றன. அதற்கென ஒதுக்கிய இடம் போதாவிட்டால் நம் கோப்புகள் இருக்கும் பகுதியிலிருந்து தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் ஆகி எல்லாம் நிலைத்த பிறகு திருப்பிக் கொடுத்துவிடும்.

காலி இடம் இன்னொரு வேலையும் செய்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரணம். போனுக்குள் இருப்பது பிளாஷ் மெமரி. அதில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது, அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள சிறு பக்கங்களாக நடக்கிறது, அழிப்பதோ அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த முழு பிளாக்காகத்தான் முடியும். கரும்பலகையில் ஒரு வரியை மட்டும் துடைக்க வழியில்லை, முழுப் பலகையைத்தான் துடைக்கலாம் என்று ஒரு வகுப்பில் விதி இருந்தால் என்ன செய்வார்கள்? வேண்டிய வரிகளை இன்னொரு காலிப் பலகையில் எழுதிக்கொண்டு, பிறகு இதைத் துடைப்பார்கள். போனின் ஸ்டோரேஜ் கட்டுப்பாட்டு சிப்பும் அதையேதான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. காலி பிளாக்குகள் நிறைய இருக்கும்போது, நாம் போனைத் தொடாத நேரத்தில் இந்த வேலை ஓசையில்லாமல் முடிந்துவிடும். போன் நிரம்பியிருந்தால் கேம் எழுதக் கேட்கும் அதே நொடியில் பழையதை நகர்த்தி, அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். கேம் நடுவில் ஓரிரு நொடி உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ஜிபி எழுதுவதற்கு உள்ளே அதைவிட அதிகம் எழுத வேண்டியிருப்பதால் மெமரியின் ஆயுளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

வேகமும் குறையும். இன்றைய போன்களில் ஒவ்வொரு செல்லிலும் பொதுவாக மூன்று பிட் சேமிக்கிறார்கள், அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் ஒரு பகுதியில் மட்டும் செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஓய்வில் அதை நெருக்கி அடுக்குகிறார்கள். பல போன்களில் இந்த வேகப் பகுதி காலி இடத்திலிருந்துதான் உருவாகிறது. இடம் குறையக் குறைய அதுவும் சுருங்கும். அப்டேட் விரியும்போது பாதி வரை விறுவிறுவென்று போய், அப்புறம் நத்தையாக நகர்ந்தால் அந்தப் பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதத்தை எப்போதும் காலியாக விடுவது நல்லது. அப்டேட்டுக்கு ஒதுக்கும் இடமும் இதுவேதான், தனித்தனியாகக் கூட்ட வேண்டாம். போன் தானாக எச்சரிக்கும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும், பொதுவாகச் சில நூறு எம்பி மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் ஆண்ட்ராய்டு வாய் திறக்கிறது.

இப்போது அக்கா மகனின் கணக்கை இரண்டு வருடம் தள்ளிப் போடலாம். சிஸ்டம் 27, ஆப்கள் 20, போட்டோ வீடியோ 40, அதே மூன்று கேம்கள் வளர்ந்து 90. மொத்தம் 177 ஜிபி. அதன் மேல் 30 ஜிபி காலி இடம் வைத்தால் 207. 256 ஜிபி போனில் இது அடங்குகிறது, நடுத்தர அளவில் இன்னொரு கேமுக்கும் இடமிருக்கிறது. மூன்று நான்கு பெரிய கேம் விளையாடுபவருக்கு நான் 256 என்றே சொல்வேன். ஐந்தாறு பெரிய கேம்களை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர், அல்லது கேமோடு சேர்த்து 4கே வீடியோவும் நிறைய எடுப்பவர் 512க்குப் போகலாம், மற்றவர்களுக்கு அந்தப் பணம் வீண். ஒரே ஒரு பெரிய கேம் என்றால் 128 போதும்.

கூடுதல் ஸ்டோரேஜுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயில் சில மாடல்களில் வேகமும் சேர்ந்தே கிடைக்கும். 2023இல் வந்த கேலக்ஸி எஸ்23இல் 128 ஜிபி போனுக்கு யூஎஃப்எஸ் 3.1 வகை மெமரி, 256 ஜிபி போனுக்கு அதைவிட வேகமான யூஎஃப்எஸ் 4.0. அதனால் ஸ்டோரேஜ் வகை என்ன என்று அந்தந்த அளவுக்குத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மெமரி கார்டு போட்டுச் சமாளிக்கலாம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். படத்துக்கும் பாட்டுக்கும் கார்டு சரி. பெரிய கேம்களின் கோப்புகளைக் கார்டுக்கு மாற்ற பெரும்பாலான போன்கள் விடுவதில்லை, விட்டாலும் சிறு சிறு கோப்புகளை அங்கங்கே இருந்து படிக்கும் வேகம் கார்டுக்குக் கிடையாது. அப்புறம், புது போனில் ரேம் எக்ஸ்டென்ஷன் என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது 4, 8 ஜிபி என்று ஸ்டோரேஜிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

கையில் இருப்பது 128தான், மாற்ற வழியில்லை என்றால் கேமை அழிப்பதற்கு முன் அதன் உள் செட்டிங்ஸைத் திறக்கவும். கென்ஷினில் கூடுதலாக இறக்கிய குரல் மொழிகளையும், முடித்துவிட்ட கதைப் பகுதிகளின் கோப்புகளையும் நீக்கலாம். பிஜிஎம்ஐயில் விளையாடாத மேப்களைத் தனித்தனியாக நீக்கலாம். முழு கேமையும் தூக்கிவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பவருக்குச் சரி. வைஃபை இல்லாத ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக்கை நம்பியிருக்கும் மாணவனுக்கு 31 ஜிபி கேமைத் திரும்ப இறக்கப் பதினாறு நாள் டேட்டா முழுதாக வேண்டும்.