திசையில்லாத திசையனாக்கம்

‘சுழற்சியை எழுதாதீர்கள், திசையனாக்கம் செய்யுங்கள்.’ பைத்தான் பாடக்குறிப்புகளில் இந்த அறிவுரையை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? எண்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வராமல் வரிசை முழுவதற்கும் ஒரே வரியில் கணக்கிடும் வெக்டரைசேஷனுக்கு வைத்த தமிழ்ப்பெயர் இது. கீழே எடுத்துக்காட்டாக ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கும். நாலு மாணவர், மூன்று பாடம். அதில் கிழக்கு எது, மேற்கு எது? படிக்கிற பிள்ளை இயற்பியல் வகுப்பில் அம்புக்குறி போட்டுப் படித்த திசையனை நினைத்துக்கொண்டு, மதிப்பெண்ணுக்குள் அம்பைத் தேடும்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. வெக்டர் என்பதற்கு இலத்தீனில் சுமந்து செல்பவர் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். இலங்கைத் தமிழர் அதைக் ‘காவி’ என்கிறார்கள். காவுதல் என்றால் சுமத்தல்தானே, வேரோடு பொருந்தும் சொல். தமிழ்நாட்டில் ‘திசையன்’. அளவும் திசையும் உள்ள ஒன்றுக்கு அதுவும் நல்ல சொல்தான். ஆனால் கணினித் துறை எடுத்துக்கொண்ட வெக்டர் வேறு. அங்கே அது எண்களின் வரிசை, அவ்வளவே. 1976இல் வந்த க்ரே-1 போன்ற கணினிகள் ஒரே கட்டளையை ஓர் எண் வரிசை முழுவதற்கும் செலுத்தின. அந்த வழக்கிலிருந்து வந்ததே இந்த ‘ஆக்கம்’. திசை எப்போதோ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததைப் பொறுக்கி எடுத்து ஒட்டவைத்தது மொழிபெயர்ப்பாளர்.

சரி, நடப்பது என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். மூன்று தாள்களுக்கும் முழு மதிப்பெண் வேறுவேறு: 50, 80, 100. எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்ற வேண்டும்.

```python
marks = [[38, 61, 72], [45, 56, 88],
         [29, 70, 64], [41, 48, 95]]
full = [50, 80, 100]

out = []
for row in marks:
    out.append([m * 100 / f for m, f in zip(row, full)])
```

இதே வேலை, பைத்தானில் எண் கணக்குக்கென்றே உள்ள நம்பை நூலகத்தில்:

```python
import numpy as np
M = np.array(marks)
F = np.array(full)
P = M * 100 / F
```

இரண்டிலும் முதல் மாணவருக்கு 76, 76.25, 72 என்றே வரும். விடை ஒன்று, வழி வேறு. பட்டியல் எண்களை வைத்திருப்பதில்லை. எண்கள் இருக்கும் முகவரிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணிடமும் போய், நீ முழு எண்ணா, பின்னமா, எழுத்தா என்று பைத்தான் கேட்கும். பிறகு அதற்குரிய பெருக்கலைத் தேடும், விடைக்குப் புதிதாக ஒரு பொருளை உருவாக்கும். அடுத்த மதிப்பெண்ணுக்கும் அதே விசாரணை. நம்பையில் எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து, ஒரே வகையாக, ஒரே அளவாக நிற்கின்றன. விசாரணை ஒருமுறைதான். அதன்பின் சி மொழியில் எழுதித் தொகுத்த சுழற்சி ஒன்று வரிசையின் நெடுக ஓடுகிறது.

ஆம், சுழற்சி ஓடுகிறது! அதனால்தான் ‘சுழற்சி நீக்கம்’ என்ற இன்னொரு புனைவையும் ஏற்க முடியவில்லை. சுழற்சி எங்கும் போகவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத கீழ்த்தளத்துக்கு இறங்கியிருக்கிறது.

அதைவிட மோசம் ‘இணைக்கணிப்பு’. பன்னிரண்டு மதிப்பெண்களும் ஒரே நொடியில் பன்னிரண்டு இடங்களில் கணக்கிடப்படுகின்றன என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. இத்தகைய பெருக்கலையும் வகுத்தலையும் நம்பை வழக்கமாகச் செயலியின் ஒரே உள்ளகத்தில்தான் செய்கிறது. செயலி ஒரு கட்டளையில் சில எண்களைச் சேர்த்துப் பிடிப்பது உண்டு. அது கூடுதல் ஆதாயம். வேகத்துக்கு முதற்காரணம் மேலே சொன்ன விசாரணை ஒழிந்ததே.

உண்மையில் மாறுவது வேலையின் ஒழுங்கு. சுழற்சியில் 38ஐ 100ஆல் பெருக்கி, 50ஆல் வகுத்து, முடித்துவிட்டுத்தான் 61க்குப் போகிறோம். நம்பையிலோ `M * 100` முதலில் பன்னிரண்டு எண்களுக்கும் நடந்து, இடைக்கால அணி, அதாவது அர்ரே, ஒன்று முழுதாகப் பிறக்கிறது. வகுத்தல் அதன்மேல் நடக்கிறது. ஆளுக்கு ஆள் முடிக்கும் வேலை, செயலுக்குச் செயல் முடிக்கும் வேலையாகிறது. பெரிய அட்டவணையில் அந்த இடைக்கால அணி நினைவகத்தை விழுங்குவதும் இதனால்தான். நாலு மாணவருக்கு என்றால் அணியை உருவாக்கும் செலவே மிஞ்சும், வெறும் சுழற்சி முந்திவிடலாம். திசையனாக்கம் செய்தால் எப்போதும் வேகம் என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே நான் சொல்வது அணிவழிக் கணக்கு. அர்ரேக்கு அணி என்பது ஏற்கனவே வழக்கில் உள்ள சொல். அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல ஒரே சீருடை, ஒரே இடைவெளி என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. பட்டியலில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அணியில் முடியாது. தேர்வுக்கு வராதவருக்கு `'AB'` என்று ஓரிடத்தில் போட்டு `np.array([38, 'AB', 72])` என்று கொடுத்துப் பாருங்கள். மூன்றுமே எழுத்துச் சரமாகிவிடும். அணியின் வகையைக் காட்டும் `dtype` பார்த்தால் `<U21` என்று நிற்கும், பெருக்கல் பிழையில் முடியும். வராதவருக்கு, எண் இல்லை என்பதைக் குறிக்கும் `np.nan` போட வேண்டும், சராசரிக்கு `np.nanmean`. ‘அணி’ என்ற சொல்லைப் புரிந்துகொண்டவருக்கு இது வியப்பளிக்காது. ‘திசையன்’ என்று படித்தவருக்கு இதை எப்படி விளக்குவது?

ஒரு மறுப்பு வரும், நியாயமானதும்கூட. மேனிலைக் கணிதத்தில் அணி என்றால் மேட்ரிக்ஸ் அல்லவா, அணிப் பெருக்கல் என்று குழம்பாதா? குழம்பும் இடம் உண்டு. நம்பையில் `*` இடத்துக்கு இடம் பெருக்குகிறது, கணிதப் பாடத்து அணிப் பெருக்கலுக்கு `@` என்று தனிக்குறி. ‘வழி’ என்ற பின்னொட்டைச் சேர்த்ததே இதற்காகத்தான். வெறும் ‘அணிக் கணக்கு’ என்றிருந்தால் நானும் எதிர்த்திருப்பேன்.

ஆங்கிலச் சொல்லே யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். `np.vectorize` என்றே ஒரு கருவி இருக்கிறது. தரம் போட `grade` என்றொரு செயற்கூறு எழுதி `np.vectorize(grade)(P)` என்றால், பெயரை நம்பி வேகத்தை எதிர்பார்ப்போம். உள்ளே நடப்பது ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அதே பைத்தான் செயற்கூற்றை அழைக்கும் சுழற்சி. வசதிக்காகத்தான், வேகத்துக்காக அன்று என்று நம்பை ஆவணமே சொல்கிறது. `np.where(P >= 75, 'A', 'B')` தான் அணிவழி. மூலச் சொல்லே இப்படித் தடுமாறும்போது, அதை எழுத்துக்கு எழுத்து தமிழாக்குவதில் என்ன பெருமை?

அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டும் இந்தப் பழக்கத்தின் உச்சம் ‘ஒலிபரப்பு’. மூன்றே எண் உள்ள `F`, நாலு வரிசைக்கும் பொருந்துமாறு தானே விரிகிறதே, அந்த பிராட்காஸ்டிங்குக்கு இப்படி ஒரு பெயர். வானொலியா வைத்திருக்கிறோம்? ‘விரித்தல்’ போதும். மாணவருக்கொன்றாக நாலு சலுகை மதிப்பெண்களை `B` என்ற அணியில் வைத்து `M + B` என்றால், `(4,3)`, `(4,)` என்ற வடிவங்கள் பொருந்தாமல் பிழை வரும். விரிப்பு கடைசி அச்சிலிருந்து பொருத்திப் பார்க்கிறது, மூன்றும் நான்கும் ஒட்டவில்லை. `M + B[:, None]` என்று நெட்டுக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். ஒரு பாடக்குறிப்பில் அந்தப் பிழைக்குப் பக்கத்தில் ‘ஒலிபரப்பு இயலவில்லை’ என்று அச்சாகியிருந்தது. அதைப் படிக்கும் மாணவர் ஒலிபெருக்கியைத்தான் சரிபார்ப்பார், அணியின் வடிவத்தை அல்ல.