நரம்பு வெடித்து ரத்தம் வந்தால் காலைக் கட்டாதீங்க, தூக்குங்க

காலில் புடைத்துச் சுருண்டு கிடக்கும் நரம்பு வெடித்து ரத்தம் வந்தால், நம்ம பக்கத்தில் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். முழங்காலுக்கு மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டுவாங்க, ஆளை நாற்காலியில் உட்கார வைப்பாங்க, அப்புறம் வண்டி பிடிக்க ஓடுவாங்க. கட்டுவதும் தப்பு, உட்கார வைப்பதும் தப்பு. இரண்டுமே ரத்தப்போக்கைக் கூட்டும்.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை செய்கிற அம்மா அவங்க. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், பல வருடமாக நின்றபடியே வேலை. கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, வறண்டு, அரிப்பெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் சுடுதண்ணீரில் குளிக்கும்போது அந்த இடத்தில் ஒரு சின்ன நரம்பு விட்டுவிட்டது. வலியே இல்லை, தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துத்தான் அவங்களுக்கே தெரிந்தது. மகன் துண்டைக் கட்டி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். சுற்றியிருந்த சேலைத்துணி முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "ஏனுங்க டாக்டர், எவ்வளவு இறுக்கிக் கட்டியும் நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார். "கட்டை அவுத்துருங்க தம்பி, அம்மாவைப் படுக்க வைங்க" என்றேன். படுக்க வைத்து, குதிகாலைப் பிடித்துக் காலை உயரத் தூக்கி, வெடித்த இடத்தில் பஞ்சு வைத்து விரலால் அழுத்திப் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மகனுக்கு நம்பவே முடியவில்லை.

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. நாம் தோலுக்கடியில் பச்சையாகப் பார்த்து நரம்பு என்று சொல்வதெல்லாம் சிரைதான். நல்ல ரத்தம் தமனியில், கெட்ட ரத்தம் சிரையில் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துப் பிரிக்க வேண்டாம், ஏனென்றால் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான் ஓடுகிறது. ஓடும் திசையை வைத்துத்தான் பெயர்.

அழுத்தத்தைப் பாருங்க. படுத்திருக்கும் ஒருவருக்குத் தமனியில் சராசரியாக 95 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் இருக்கும் (பி.பி. 120/80 என்கிறோமே, அதன் சராசரி). அந்த ரத்தம் மிகச் சிறிய தமனிகளுக்குள் நுழைந்து நெருக்கியடித்துப் போகும்போது அழுத்தத்தில் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது. தந்துகிகளைத் தாண்டிக் கால் சிரைக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது 10, 15. இதயத்தை எட்டும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

சுவரும் அதற்குத் தக்கபடிதான் அமைந்திருக்கிறது. ஒரு நடுத்தரத் தமனியின் குழல் 4 மி.மீ. அகலம் என்றால் சுவர் 1 மி.மீ. கனம். அதில் தசையும் மீள்சக்தி உள்ள நாரும் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, துடிப்பு அடங்கியதும் பழையபடி சுருங்கி, ரத்தத்தை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அறுந்தாலும் வாய் வட்டமாகத் திறந்தே நிற்கும். பக்கத்தில் ஓடும் சிரைக்குக் குழல் 5 மி.மீ., சுவர் அதில் பாதிதான், அரை மி.மீ. ரத்தம் இல்லையென்றால் தட்டையாகப் படுத்துவிடும், ரத்தம் வந்தால் இழுத்துக்கொண்டு விரியும். உடம்பில் உள்ள ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளுக்குள்தான் இருக்கிறது, அத்தனையையும் வாங்கி வைக்க இளகிய சுவர் வேண்டும்தானே.

சரி, இப்போது அந்த அம்மாவை எழுந்து நிற்கச் சொல்வோம். இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே சுமார் 115 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு உயர ரத்தத்தின் எடை கணுக்காலில் ஏறக்குறைய 90 மி.மீ. பாதரச அழுத்தமாக வந்து உட்காருகிறது. தமனியில் 95 இருந்தது 185 ஆகும், சிரையில் 10 இருந்தது 100 ஆகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடுவதால் நடுவில் உள்ள வித்தியாசம் மாறுவதில்லை, அதனால் நிற்கும்போதும் ரத்தம் சுற்றி வரத்தான் செய்கிறது. ஆனால் தமனியின் கனத்த சுவர் 185ஐத் தாங்கும், சிரையின் மெல்லிய சுவர் 100ஐ மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் விரிந்து வளைந்து போகும்.

அதைத் தடுக்கத்தான் சிரைக்குள் வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே ஏறுகிறது, தசை தளரும்போது வால்வு மூடிக்கொள்வதால் கீழே வழிவதில்லை. கிணற்று மோட்டாருக்கு அடியில் ஃபுட் வால்வு பார்க்கும் அதே வேலைதான். நல்ல கால் என்றால் நாலு எட்டு நடந்ததுமே கணுக்கால் சிரையின் அழுத்தம் 30க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானால், என்ன நடந்தாலும் 60க்கு மேலேயே நிற்கும். தமனிக்கு இந்த வால்வு வேலை தேவையே இல்லை, பின்னாலிருந்து இதயம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

வால்வை நீங்களே உங்கள் கையில் பார்க்கலாம். 1628இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி வருகிறது என்று நிரூபிக்கக் காட்டிய சோதனைதான் இது. முழங்கைக்கு மேலே லேசாகக் கட்டுங்க, முன்கையில் ஒரு சிரை புடைத்ததும் அதன் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்து, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்து விடுங்க. அடுத்த வால்வு வரைக்கும் சிரை காலியாகவே கிடக்கும், மேலிருந்து ஒரு சொட்டு கூடத் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் மணிக்கட்டுப் பக்கமிருந்து சட்டென்று நிரம்பும்.

துண்டு கட்டினால் ஏன் ரத்தம் கூடுகிறது என்பது இதிலேயே தெரியும். கையால் இறுக்கிக் கட்டும் துண்டு சிரையை மூடும் அளவுக்கு இறுகும், உள்ளே ஆழத்தில் 120க்கு மேல் அழுத்தத்தோடு இறங்கும் தமனியை மூடும் அளவுக்குப் பெரும்பாலும் இறுகாது. காலுக்குள் ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, திரும்பிப் போகிற வழி அடைபட்டுவிட்டது, இருக்கிற ஒரே வாசல் வெடித்த ஓட்டை. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடுமுன் ரப்பர் கட்டுவது சிரையைப் புடைக்க வைக்கத்தானே? அதையேதான் காலில் செய்திருக்கிறோம். மாறாக, படுக்க வைத்தால் 100 இருந்த அழுத்தம் ஒரே நொடியில் 10 ஆகிறது, காலை இதயத்துக்கு மேலே ஒரு அடி தூக்கினால் சிரை காலியாகித் தட்டையாகிறது. அப்புறம் விரல் அழுத்தமே போதும், பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பிடித்திருந்தால் சரி.

மெஷினில் மாட்டியோ கத்தி பட்டோ தமனி அறுந்தால் கதை வேறு. பளிச்சென்ற சிவப்பில், துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சி அடிக்கும், காலைத் தூக்கினாலும் நிற்காது. அங்கே முழு பலத்தோடு அழுத்த வேண்டும். அதற்கும் அடங்காமல் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும்தான் கட்டு. அகலமான துணியால், ரத்தம் அடியோடு நிற்கும் அளவுக்கு இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

அந்த அம்மாவுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் தொடை வழியாக இறங்கும் பெரிய மேல்சிரையில் வால்வுகள் பழுதாகி, ரத்தம் கீழ்நோக்கி வழிவது தெரிந்தது. பழுதான சிரையை லேசரில் அடைக்க ஏற்பாடு செய்தோம். அதுவரைக்கும் கணுக்காலில் 20 முதல் 30 மி.மீ. அழுத்தம் தரும் ஸ்டாக்கிங்ஸ் உறையை, காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். எழுதித் தரும் முன்னால் கையிலும் கணுக்காலிலும் பி.பி. பார்த்தோம். கையில் 140, கணுக்காலில் 150. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 1.07, தமனி நன்றாக இருக்கிறது.

அடுத்த முறை வந்தபோது கூடவே அவங்க வீட்டுக்காரரும் வந்திருந்தார். விசைத்தறியில் இருந்தவர், பீடிப் பழக்கம். "எனக்கும் கால் வலிங்க, இவ உறையில ஒண்ணை மாட்டிப் பார்த்தேனுங்க, வலி அதிகமாயிருச்சு" என்றார். உடனே கழற்றச் சொன்னேன். அவர் வலியின் போக்கே வேறு. அந்த அம்மாவுக்கு நின்றால் கனக்கும், தூக்கி வைத்தால் சுகம். இவருக்குக் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும், இரவில் படுத்தால் பாதம் எரிகிறது என்று காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டுத் தூங்குகிறார். தொங்கப் போடும்போது சேரும் அந்த உயரத்தின் அழுத்தம் வேண்டித்தான் அடைபட்ட தமனி ஏங்குகிறது. காலைத் தூக்கிப் பிடித்தேன், பாதம் வெளுத்துப் போனது. கையில் பி.பி. 150, கணுக்காலில் 75. வகுத்தால் 0.5.

பெரிய தமனியில் 75 என்றால் தோலுக்குப் போகும் சிறிய குழல்களில் அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். அதன் மேல் வெளியிலிருந்து 30 வைத்து அமுக்கினால் முன்கால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் ரத்தமில்லாமல் கறுத்துச் சாகும். வகுத்து வரும் கணக்கு 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்த உறையோ இறுக்கக் கட்டோ போடுவதில்லை, 0.5ஐ ஒட்டி இருப்பவருக்கு எந்த உறையும் கிடையாது. அவருக்குப் பீடியை அன்றே நிறுத்தச் சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்கவும் கொழுப்பு குறையவும் மாத்திரை கொடுத்து, அடைப்பு எங்கே என்று பார்க்க சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்பினேன்.

ரொம்ப நாளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கும் ஏமாற்றும். அவங்க தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் பி.பி. கருவியின் பட்டை எவ்வளவு அமுக்கினாலும் தமனி மூடாது, உள்ளே அடைப்பு இருந்தும் கணக்கு 1.3க்கு மேலே வரும். அவங்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும், விரல் தமனியில் அந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் அளவு சொல்லி வாங்கும் உறை எதையும் மாட்டுவதற்கு முன்னால் கணுக்கால் பி.பி.யும், சர்க்கரை இருந்தால் விரல் அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.