ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னால் பீடியை நிறுத்த வேண்டும்?

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பது தாண்டிவிட்டது. தினம் ஒரு கட்டு பீடி. அடிவயிற்றில் ஹெர்னியா. கோவையில் வலை வைத்துத் தைக்க ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "ஏனுங்க டாக்டரு, மொத நாள் ராத்திரியோட நிறுத்திக்கிட்டாப் போதாதுங்களா?" என்று கேட்கிறார்.

ஒரு நாள் நிறுத்தினாலும் பலன் உண்டு, ஆனால் அது ரத்தத்துக்கு மட்டும்தான். பீடிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஆக்சிஜனுக்கு இடம் போய்விடும். சும்மா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலே நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் அளவு பாதியாகும். ஒரு நாளில் ஏறக்குறைய வெளியேறிவிடும். இதில் ஒரு சங்கடம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இதைக் காட்டாது. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், காலையில் பீடி குடித்துவிட்டு வந்தவருக்கும் 98 என்றே காட்டும். மயக்க மருத்துவர் "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்று வாய்விட்டுக் கேட்பது அதனால்தான். அங்கே பொய் சொல்வதைப் போல வீண் வேலை வேறில்லை.

நுரையீரலுக்கு ஒரு நாள் போதாது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை மேலே தள்ளுகின்றன. வருடக்கணக்கில் புகை பட்டு அவை சோர்ந்து கிடக்கும். மூச்சுக்குழாயும் தொட்டாலே சுருங்கும் நிலையில் இருக்கும். அதில் குழாய் விட்டு முழு மயக்கம் கொடுக்கும்போது இருமலும் மூச்சிறுக்கமும் வரும், பிற்பாடு நிமோனியாவுக்கும் வாய்ப்பு கூடும். "எனக்கு முதுகில்தானே ஊசி போடப் போறாங்க" என்று நம்மவர் தப்பித்துக்கொள்ள முடியாது. முதுகு ஊசியில் குழாய்த் தொந்தரவு இல்லை, சரி. ஆனால் ஆபரேஷன் முடிந்த பிறகு ஒவ்வொரு இருமலும் அந்தத் தையலைத்தான் இழுக்கும். ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பை இது கூட்டலாம்.

நிறுத்திய முதல் சில நாட்களில் சிலருக்குச் சளி அதிகமாக வருவது போலிருக்கும். "விட்டதால்தான் இருமல்" என்று திரும்பப் பற்றவைப்பவர்கள் உண்டு. கடைசி நேரத்தில் விட்டால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் பயந்தார்கள். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட அதிக நாள் கேட்பது காயம். வெட்டிய இடத்துக்கு வரும் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல ஆக்சிஜனைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. தோலை ஒட்டவைக்கும் கொலாஜன் என்ற புரத நூல் முறுக்கேறி உறுதிப்படவும் ஆக்சிஜன் வேண்டும். தறிக்காரருக்குச் சொல்வதென்றால், முறுக்கில்லாத நூலில் நெய்த துணி கையோடு கிழியும், அப்படித்தான் இதுவும். ஒரே ஒரு பீடியின் நிகோட்டின்கூடத் தோலின் ரத்தக்குழாய்களைக் கொஞ்ச நேரம் சுருக்கி, அங்கே ஆக்சிஜனைக் குறைத்துவிடும். வெள்ளையணுக்களின் கொல்லும் திறன் திரும்ப ஏறக்குறைய நாலு வாரம் பிடிக்கிறது.

டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 120 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. ஆறு முதல் எட்டு வாரம் முன்பே உதவி கொடுத்துப் புகையை நிறுத்தவோ குறைக்கவோ வைத்த குழுவில் காயச் சிக்கல் 5 சதவீதம். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 31 சதவீதம். ஹெர்னியாவில் இது இன்னும் முக்கியம். வலையில் சீழ் பிடித்தால் மருந்தோடு போகாமல் வலையையே எடுக்க வேண்டி வரலாம்.

ஆகவே, நம்மவருக்கு இருக்கும் ஐந்து வாரம் சரியான அளவு. இன்றே நிறுத்த வேண்டும். குறைந்தது நாலு வாரம், முடிந்தால் ஆறு, எட்டு. அதற்குமேல் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம். தாங்க முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டு நிகோட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ பயன்படுத்தலாம். அதில் புகையும் மோனாக்சைடும் இல்லை, காயத்துக்குப் புகையளவு கெடுதல் செய்ததாகவும் தெரியவில்லை. 1800 11 2356 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம். குடல்வால் அழற்சி மாதிரி அவசரத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உள்ளதைச் சொல்லிவிட்டு மேசையில் படுக்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு "ஆபரேஷன்தான் முடிஞ்சுதே" என்று பற்றவைத்தால், மேலே சொன்ன ரத்தக்குழாய்ச் சுருக்கம் அப்படியே திரும்பும். கொலாஜன் உருவாகும் வேலை அப்போதுதான் மும்முரமாக நடக்கிறது. தையல் பிரித்த பிறகும் அது வாரக்கணக்கில் தொடரும். மூன்று நான்கு நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சூடு, சீழ், காய்ச்சல் எதைக் கண்டாலோ, மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டிவிட வேண்டும்.