60 வீதம் பொருந்தியது, ஆனால் எத்தனை பேர்?

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் ஹட்டன் புடவைக் கடை ஒன்று பேஸ்புக்கில் விளம்பரம் போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் போடும்போது எழுதிவைத்த வாடிக்கையாளர் தொலைபேசி இலக்கங்கள் 3,000 வரிகள் இருக்கின்றன. அவற்றை விளம்பரக் கணக்கில் ஏற்றினால், அந்த இலக்கத்தில் கணக்கு வைத்திருப்பவர்களைத் தளம் தேடி எடுக்கும். ஏற்றிய வரிகளில் எவ்வளவு பங்கு பொருந்தியதோ அதுதான் பொருத்த வீதம். கூகிள் இதை வீதமாகவே காட்டும். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா, சரியான தொகையைச் சொல்லாமல் 'இத்தனையிலிருந்து இத்தனை வரை' என்று பார்வையாளர் அளவை மட்டும் காட்டும்.

கணக்கைச் சுலபமாக்க எண்ணிக்கைகளை நாமே கற்பனையாக வைத்துக்கொள்வோம். முதல் தடவை அப்படியே ஏற்றியதில் 900 பேர் பொருந்தினார்கள், அதாவது 30 வீதம். பிறகு ஒருவர் உட்கார்ந்து இரட்டை வரிகள் 500, 051 என்று தொடங்கும் வீட்டு இணைப்புகள் 250, இலக்கம் குறைந்தவை 250 என 1,000 வரிகளை அழிக்கிறார். மீண்டும் ஏற்றினால் 2,000இல் 900, அதாவது 45 வீதம். வீதம் ஒன்றரை மடங்காகிவிட்டது, ஆனால் விளம்பரத்தைப் பார்க்கப்போகிறவர்கள் அதே 900 பேர்தான். விளம்பரம் செய்து தருகிறவர் 'பொருத்தத்தைக் கூட்டிவிட்டோம்' என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எத்தனை வரிகளில் எத்தனை பேர் என்பதைத்தான்.

உண்மையாகவே ஆட்களைக் கூட்டும் வேலை வேறு. ஏற்றும்போது ஒவ்வோர் இலக்கமும் எஸ்.எச்.ஏ-256 என்ற முறையில் குறியீடாக மாற்றப்படுகிறது. குறியீடுகள்தான் ஒப்பிடப்படுகின்றன. ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும் குறியீடு முழுவதும் மாறிவிடும், 'கிட்டத்தட்ட சரி' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எக்செலில் இலக்கத்தைச் சாதாரணமாக அடித்தால் முன்னால் உள்ள பூச்சியம் விழுந்து ஒன்பது இலக்கம் மிஞ்சும். வட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டியதில் +94 இருக்கும், நடுவில் இடைவெளியும் இருக்கும். எல்லாவற்றையும் 94 உடன் பதினொரு இலக்கமாக ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். A நிரலில் பழைய இலக்கம் இருந்தால் B, C நிரல்களில் இவற்றைப் போடலாம்:

```
B2: ="94"&RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(A2," ",""),"-",""),9)
C2: =AND(LEN(B2)=11,MID(B2,3,1)="7")
```

C நிரலில் FALSE வரும் வரிகளை உடனே அழித்துவிட வேண்டாம். அவற்றில் வீட்டு இணைப்புகளும் பிழைகளும் இருக்கும், கட்டார், டுபாய் என்று போனவர்களின் வெளிநாட்டு இலக்கங்களும் இருக்கும். வெளிநாட்டு இலக்கத்தை அந்த நாட்டுக் குறியீட்டோடு தனியாகத் திருத்துங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு இலக்கம் எழுதியிருந்தால் இந்தச் சூத்திரம் கடைசியை மட்டும் எடுக்கும், முதலாவது சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். கோப்பில் country என்று ஒரு நிரல் வைத்து, இலங்கை வரிகளுக்கு LK எனப் போடுங்கள். இவ்வளவும் செய்தபின் 2,000இல் 1,200 பேர், அதாவது 60 வீதம் பொருந்தினால், கூடிய அந்த 300 பேர்தான் உண்மையான ஆதாயம்.

மிச்சம் 800 பேர் ஏன் பொருந்தவில்லை? சிலருக்குக் கணக்கே இல்லை. பலருக்கு இருக்கிறது, ஆனால் பழைய சிம்மில் தொடங்கியது. மலையகத்தில் இன்னொன்றும் உண்டு: கடைக்குக் கொடுத்தது அப்பாவின் இலக்கம், அதில் பேஸ்புக் வைத்திருப்பது மகன். சேலை வாங்கிய அம்மாவுக்கு என்று போட்ட விளம்பரம், கொழும்பில் வேலை செய்யும் பையனின் திரைக்குப் போகும். ஹட்டன் சுற்றுவட்டம் என்று இடத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினால் அவனும் கழிந்துவிடுவான். 1,200க்குக் கீழே அளவு இறங்குவது பிழையால் அல்ல.

பட்டியலை எதிர்மாறாகப் பயன்படுத்தும்போதுதான் பணம் கூடுதலாகக் கசியும். 'புதியவர்களுக்கு 15 வீதக் கழிவு' என்ற விளம்பரத்தில் பழைய வாடிக்கையாளரை விலக்க இதே பட்டியலைப் போட்டால், விலகுவது 1,200 பேர்தான். 800 பேரில் வேறு இலக்கத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் கழிவு விளம்பரத்தைப் பார்ப்பார்கள், கடையை ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பதால் சட்டென்று வாங்கவும் செய்வார்கள். அறிக்கையிலோ, புதிய வாடிக்கையாளர் மலிவாகக் கிடைத்ததாகத் தெரியும். கண்டுபிடிக்க வழி, கழிவு கேட்டு வருகிறவரின் இலக்கத்தையும் பெயரையும் பழைய பில்களோடு ஒப்பிடுவதுதான்.

பழையவர்களுக்கே காட்டும் விளம்பரத்திலும் இதே மயக்கம் உண்டு. பொருந்துகிறவர்கள் பெரும்பாலும் அண்மையில் இலக்கம் கொடுத்தவர்கள், எப்படியும் தீபாவளிக்கு வரக்கூடியவர்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் எழுந்தமான எண் தரும் RAND() சூத்திரத்தைப் போட்டு, அந்த எண்கள் மாறாதபடி மதிப்புகளாக ஒட்டி, அவற்றின்படி பட்டியலைக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி 1,000 வரிகளை மட்டும் ஏற்றுங்கள். மற்றப் பாதி விளம்பரத்தில் விலக்கப்பட்டிருக்கட்டும். பண்டிகைக்குப் பிறகு பில் புத்தகத்தில் இரண்டு பாதியிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். ஏற்றிய பாதியில் 140 பேர், விட்ட பாதியில் 125 பேர் என்றால், விளம்பரம் கொண்டுவந்ததாகச் சொல்லக்கூடியது 15 பேர், அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு.

பொருட்களை மாற்ற, பில் அனுப்ப என்று வாங்கிய இலக்கத்தை விளம்பரத்துக்கு ஏற்ற வேண்டுமானால், வாங்கும்போதே அதைச் சொல்லிச் சம்மதம் எடுத்துவையுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குறியீடாக மாறித்தான் போகிறது என்பது சம்மதத்துக்குப் பதிலாகாது.